கனடா கல்வி அனுமதி மறுக்கப்பட்ட பிறகு மறுவிண்ணப்பம்: காரணங்களை எப்படிப் படிப்பது, எதைத் திருத்துவது?

கேள்வி: நான் 2021-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்து, கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மூன்றரை ஆண்டுகளாக உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பா ஈரோடு மாவட்டத்தில் மஞ்சளும் கரும்பும் பயிரிடும் விவசாயி. ஒன்டாரியோவில் ஓர் அரசுக் கல்லூரியில் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் இரண்டாண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. முதலாண்டுக் கட்டணம் 17,500 கனடிய டாலரையும் கட்டிவிட்டோம். அப்பா கணக்கில் 18.4 லட்சம் ரூபாய் காட்டியும் விசா மறுக்கப்பட்டது. பணவசதி போதாது, வருகையின் நோக்கம் தற்காலிகத் தங்கலுக்குப் பொருந்தவில்லை என்று இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்ட், "கல்லூரியை மாற்றி உடனே இன்னொரு விண்ணப்பம் போடலாம், பழைய மறுப்பைச் சொல்லத் தேவையில்லை" என்கிறார். என்ன செய்வது?

பதில்:

கடைசியில் நீங்கள் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட உங்களுக்கு அதிகக் கேடு செய்யக்கூடியது அதுதான். கனடாவுக்கு வெளியிலிருந்து கல்வி அனுமதி கேட்கும் IMM 1294 படிவத்தில், கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா அல்லது அனுமதி மறுத்ததா என்ற கேள்வி இருக்கிறது. உங்கள் முந்தைய விண்ணப்பம், அதனுடன் கொடுத்த ஆவணங்கள், அதிகாரி எழுதிய குறிப்பு ஆகிய எல்லாம் உங்கள் பெயரிலும் வாடிக்கையாளர் எண்ணிலும் கனடா குடிவரவுத் துறையின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதினால், மறுப்பு மறையப்போவதில்லை; கனடாவின் குடிவரவுச் சட்டம் 40-ஆவது பிரிவின்படி உண்மைக்கு மாறான தகவல் தந்தவர் என்று உங்களைத் தீர்மானித்து, ஐந்து ஆண்டுகள் எந்த அனுமதியும் கேட்க முடியாதபடி தடுக்க அது இடம் கொடுக்கும். சாதாரண மறுப்புக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் கிடையாது. நாளைக்கே கூட மீண்டும் விண்ணப்பிக்கலாம். திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு மறுப்பை ஐந்தாண்டுத் தடையாக மாற்றும் யோசனையைத்தான் உங்கள் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது, காரணங்களைப் படிப்பது. மறுப்புக் கடிதத்தில் நீங்கள் பார்த்த இரண்டு வரிகளும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட வாசகங்கள். அதிகாரி தமக்குப் பொருந்தும் வாசகங்களைத் தேர்ந்தெடுக்கிறார், அவை கடிதத்தில் அச்சாகின்றன. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே சொற்களில் அதே கடிதம் போகிறது. உங்கள் விண்ணப்பத்தில் எது உறுத்தியது என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை. அதைச் சொல்வது அதிகாரியின் முடிவுக் குறிப்பு. 2025 ஜூலை முதல், கல்வி அனுமதி உட்படச் சில வகை மறுப்புகளுக்கு அந்தக் குறிப்பைக் கடிதத்துடனேயே இணைத்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். புதிய இணையவாசல் வழியாகப் போட்ட விண்ணப்பங்கள் சிலவற்றுக்கு அது வருவதில்லை. ஆகவே முதலில் ஏஜென்ட்டிடமிருந்து முழுக் கடிதத்தையும், எல்லாப் பக்கங்களுடன், கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் கணக்கு ஏஜென்ட்டின் மின்னஞ்சலில்தான் இருக்கும். மாணவருக்கு வாட்ஸ்அப்பில் முதல் பக்கத்தின் படம் மட்டும் வரும். கல்லூரியில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் பொறுப்பில் நான் இருந்த காலத்தில், மறுப்புடன் வந்த மாணவர்களிடம் முதலில் கேட்டதே "உள்நுழையும் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது?" என்பதுதான்.

குறிப்பு இணைக்கப்படவில்லை என்றால், கனடாவின் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய பதிவுகளை நீங்களே கேட்கலாம். 2022 ஜூலை முதல் கனடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு, கட்டணம் இல்லை. சட்டப்படி பதில் தரவேண்டிய காலம் 30 நாள். நடைமுறையில் அதற்கு மேலும் ஆவதுண்டு. இன்னொரு வழி தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டிக் கேட்பது. ஆனால் அதைக் கனடாவில் இருப்பவர்தான் கேட்க முடியும் என்பதால், அங்குள்ள ஒருவருக்கு நீங்கள் ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்கும்போது அதிகாரியின் குறிப்புகள் அடங்கிய மின்கோப்பைக் கேட்பதோடு, உங்கள் பெயரில் சமர்ப்பிக்கப்பட்ட படிவங்களின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். ஏஜென்ட் உங்கள் பெயரில் என்ன எழுதினார் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

இனி உங்கள் இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். குறிப்பைப் பார்க்காமல் சொல்கிறேன் என்றாலும், நீங்கள் பிறகு அனுப்பிய வங்கிக் கணக்கு அறிக்கையையும் நோக்க அறிக்கையையும் படித்த பிறகு, குறிப்பில் என்ன இருக்கும் என்பதைப் பெருமளவு ஊகிக்க முடிகிறது.

பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 1 முதல், தனியாகச் செல்லும் மாணவர் கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகை 22,895 கனடிய டாலர். கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். ஒரு டாலர் 62 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22,895 டாலர் சுமார் 14.2 லட்சம். கட்டணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டதால், பயணத்துக்கு ஒரு லட்சம் சேர்த்தாலும் 15.2 லட்சம் போதும். உங்களிடம் இருந்தது 18.4 லட்சம். கணக்குப்படி போதுமானது, ஆனாலும் போதாது என்று மறுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் பலர் குழம்பி, அடுத்த முறை 25 லட்சம் காட்டிவிட்டு அதே காரணத்தால் மீண்டும் மறுக்கப்படுகிறார்கள்.

உங்கள் கணக்கு அறிக்கையில், விண்ணப்பத்துக்கு 19 நாள் முன்பு வரை இருந்த இருப்பு 4.4 லட்சம். பிறகு இரண்டே வரவுகளில் 14 லட்சம் வந்திருக்கிறது. அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்பாவின் வருமான வரி அறிக்கையில் காட்டிய ஆண்டு வருமானமோ மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். இதைப் பார்க்கும் அதிகாரிக்குத் தோன்றுவது ஒன்றுதான்: விண்ணப்பத்துக்காக வாங்கிப் போட்ட பணம், முடிவு வந்ததும் வெளியேறிவிடும். அவர் தேடுவது பணத்தின் அளவை மட்டுமல்ல. அது உங்களுடையதுதானா, படிப்பு முடியும்வரை கையில் இருக்குமா என்பதையும்தான்.

அந்த 14 லட்சத்தில் 9 லட்சம் நிலம் விற்பதற்கு வாங்கிய முன்பணம் என்றும், 5 லட்சம் மாமா கொடுத்த கைமாற்று, விசா வந்ததும் திருப்பித் தரவேண்டியது என்றும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எனவே அதிகாரியின் சந்தேகத்தில் ஒரு பகுதி சரியானதே. இதை நேர்மையாகத் திருத்துவதற்கு ஒரே வழி, மாமாவின் 5 லட்சத்தை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அது இல்லாமல் கணக்கு நிற்கிறதா என்று பார்ப்பதுதான். அதை "அன்பளிப்பு" என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திருப்பித் தரவேண்டிய பணத்தை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்ப் பத்திரம். மாமா உண்மையிலேயே செலவை ஏற்க விரும்பினால், அவர் தம் சொந்த வருமான ஆதாரங்களோடு உதவியாளராகக் கையெழுத்திடலாம், அது வேறு விஷயம்.

நிலத்தின் 9 லட்சம் உண்மையான பணம், அதற்கான காகிதம்தான் இல்லை. முன்பணம் காசோலையாக வந்திருப்பது உங்களுக்கு நல்லது. (பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்: நிலம், வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை இந்திய வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, ரொக்கமாக வாங்கியவர்கள் கனடாவுக்கு விளக்கம் எழுதப்போய் இங்கே ஓர் அபராதத்துக்கு ஆதாரம் எழுதிக் கொடுத்தவர்கள் ஆகிறார்கள்.) கிரயம் அடுத்த மாதம் முடிந்து மொத்தம் 22 லட்சம் வரும் என்கிறீர்கள். அப்படியானால் அதுவரை காத்திருங்கள். பதிவான கிரயப் பத்திரம், விற்பதற்கு முன்பு அப்பா பெயரில் இருந்த பட்டாவும் சிட்டாவும், வில்லங்கச் சான்று, வாங்கியவரின் கணக்கிலிருந்து அப்பாவின் கணக்குக்குப் பணம் வந்த வரவு வரி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், அந்தப் பணத்தின் பிறப்பிடம் ஒரு பக்கத்தில் விளங்கிவிடும். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். குடும்பத்தாரோ ஏஜென்ட்டோ மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள். முதல் விண்ணப்பத்தில் சிட்டாவைத் தமிழிலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரியாத அதிகாரிக்கு அது வெற்றுத் தாள்.

அப்பாவின் வருமானத்திலும் ஒரு திருத்தம் தேவை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், வரி அறிக்கையில் தெரிவது அவருடைய உண்மை வருமானத்தின் ஒரு பகுதி மட்டுமே. சர்க்கரை ஆலை கொடுத்த கரும்புப் பட்டுவாடா விவரங்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் விற்ற ரசீதுகள், அடங்கல், இவற்றுக்கு ஈடான வங்கி வரவுகள் ஆகியவற்றை மூன்று ஆண்டுகளுக்குத் திரட்டுங்கள். உங்கள் ஏஜென்ட் இவற்றுக்குப் பதிலாக, சொத்து மதிப்பு 1.8 கோடி என்று ஒரு ஆடிட்டர் சான்றிதழ் வைத்திருக்கிறார். விற்காத நிலத்தின் மதிப்பு கட்டணம் கட்டாது என்பதால் அதற்கு அதிகாரிகள் அதிக எடை கொடுப்பதில்லை. என் கணிப்பில் அது இல்லாமலேயே உங்கள் கோப்பு தெளிவாக இருக்கும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. காட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை முதலாண்டுக்கானது என்பதால் எல்லோரும் முதலாண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் விதியின் வாசகம், கனடாவில் வேலை செய்யாமலேயே படிப்புக் காலம் முழுவதற்கும் கட்டணமும் செலவும் தாங்கும் வசதி இருக்க வேண்டும் என்பது. இரண்டாண்டுப் படிப்புக்கு விண்ணப்பித்த நீங்கள் இரண்டாம் ஆண்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மொத்தத்தையும் போட்டுப் பாருங்கள்: இரண்டாண்டுக் கட்டணம் 35,000, வாழ்க்கைச் செலவு 45,790, பயணம் ஏறத்தாழ 2,000, ஆக 82,790 டாலர், ரூபாயில் சுமார் 51.3 லட்சம். கட்டிய முதலாண்டுக் கட்டணம் 10.85 லட்சத்தைக் கழித்தால் மீதி சுமார் 40.5 லட்சம். உங்களிடம் உண்மையில் இருப்பது பழைய இருப்பு 4.4, நிலம் 22, ஆக 26.4 லட்சம். குறைவது 14 லட்சம்.

இதற்கு 15 லட்சம் கல்விக் கடன் கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து ஈடு கேட்பார்கள். ஈரோட்டில் உள்ள வீட்டை வைக்க அப்பா சம்மதிப்பதாகச் சொன்னீர்கள். ஒப்புதல் கடிதத்தில் உங்கள் பெயர், கல்லூரி, படிப்பு, தொகை, பணம் விடுவிக்கும் நிபந்தனை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற கடிதத்தால் பயனில்லை. அத்துடன் நிலப் பணத்திலிருந்து 22,895 டாலரைக் கனடிய வங்கி ஒன்றில் ஜிஐசி எனப்படும் உத்தரவாத முதலீடாகப் போட்டுவிடுங்கள். நீங்கள் அங்கே போன பிறகு ஒரு பகுதியும், மீதி தவணைகளாகவும் உங்களுக்கே திரும்ப வரும்; விசா மறுக்கப்பட்டால் வங்கியின் கட்டணம் போகத் திருப்பித் தருவார்கள். விரைவுத் திட்டமான எஸ்டிஎஸ் 2024 நவம்பர் 8-இல் நிறுத்தப்பட்ட பிறகு ஜிஐசி கட்டாயமில்லை. ஆனால் உங்கள் கோப்பின் குறையே "இந்தப் பணம் நிற்குமா" என்பதுதான் என்பதால், மாணவர் பெயரில் கனடாவிலேயே பூட்டிய பணத்தைவிட நேரான பதில் வேறில்லை.

இரண்டாவது காரணமான நோக்கம், எனக்கு இதைவிடக் கடினமாகப் படுகிறது. பணத்துக்குக் காகிதம் உண்டு. நோக்கத்துக்கு உங்கள் எழுத்து மட்டுமே. நீங்கள் அனுப்பிய நோக்க அறிக்கையில் நான்கு பக்கம் இருக்கிறது. முதல் ஒன்றரைப் பக்கம் கனடாவின் பன்முகப் பண்பாடு, உலகத் தரக் கல்வி, பாதுகாப்பான சூழல் ஆகியவற்றைப் புகழ்கிறது. நீங்கள் கோவையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது மூன்று வரி. கடைசியில், படித்துத் திரும்பியதும் ஆண்டுக்கு 18 லட்சம் சம்பளத்தில் மேலாளர் வேலை காத்திருக்கிறது என்று ஒரு வரி, எங்கே, யார் தருவார் என்ற விவரம் இல்லாமல். பொறியியல் பட்டதாரி ஒருவர், மூன்றரை ஆண்டு வேலைக்குப் பிறகு, பட்டத்துக்குக் கீழான சான்றிதழ்ப் படிப்பொன்றுக்கு 50 லட்சம் செலவழிப்பது ஏன் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. அதிகாரி கேட்பது அந்த ஒரே கேள்வியைத்தான்.

அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறது. தொலைபேசியில் பேசியபோது நீங்களே சொன்னீர்கள். வார்ப்படங்கள் தாமதமாக வந்து அசெம்பிளி நின்றுபோகும் நாள்களில் கொள்முதல் பிரிவோடு போராடுவது உங்கள் அன்றாட வேலை. கடந்த ஓராண்டாக இருப்பு மேலாண்மையையும் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நிறுவனம் ஏற்றுமதியைப் பெருக்கும்போது அந்தப் பிரிவில் மேலே போக வேண்டுமானால் முறையான படிப்பு தேவை என்று உங்கள் மேலாளர் சொல்லியிருக்கிறார். இதைத்தான் எழுத வேண்டும். பாடத்திட்டத்தைத் திறந்துவைத்து, தேவை முன்கணிப்பு, கொள்முதல், போக்குவரத்து ஆகிய பாடங்களில் எவை உங்கள் வேலையின் எந்தச் சிக்கலைத் தொடுகின்றன என்று மூன்று நான்கு எடுத்துக்காட்டுகளோடு சொல்லுங்கள். கோவையிலேயே எம்பிஏ படிக்கலாமே என்ற கேள்விக்கும் உண்மையான பதில் தேவை. நீங்கள் அதை ஒப்பிட்டே பார்க்கவில்லை என்றால், எழுதுவதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிட்ட பிறகு இந்தப் படிப்பே வேண்டாம் என்று தோன்றினாலும் அது இழப்பல்ல. இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

18 லட்சம் சம்பள வரியை என்ன செய்வது? அப்படியொரு வேலை உறுதி யாரும் தரவில்லை என்றால் அது போகவேண்டும். ஆனால் பேசாமல் விட்டுவிட்டால் இரண்டு விண்ணப்பங்களும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும், புதிய அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எனவே விளக்கக் கடிதத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, முந்தைய அறிக்கை பிறர் உதவியோடு தயாரிக்கப்பட்டது, அதில் சம்பளம் பற்றிய வரிக்கு ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன், என் உண்மையான எதிர்பார்ப்பு இது என்று நேராகச் சொல்லுங்கள். பொறுப்பை ஏஜென்ட் மீது மட்டும் தள்ளிவிட முடியாது. உங்கள் பெயரில் போன விண்ணப்பத்துக்கு நீங்களே பொறுப்பு என்பதுதான் சட்டத்தின் நிலை. நிறுவனத்திடமிருந்து, நீங்கள் பார்க்கும் வேலை, பொறுப்பு, சம்பளம் ஆகியவற்றைச் சொல்லும் கடிதம் வாங்குங்கள். திரும்பிவந்தால் எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் மனமுவந்து எழுதினால் நல்லது. எழுதமாட்டார்கள் என்றால் கட்டாயப்படுத்தி ஒரு பொய்க் கடிதம் வாங்காதீர்கள். மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசி போகக்கூடும்.

"திரும்பி வருவேன்" என்பதைப் பற்றியும் ஒரு சொல். எதிர்காலத்தில் அங்கேயே நிரந்தரமாக வாழும் ஆசை இருப்பது மட்டுமே மறுப்புக்குக் காரணம் ஆகாது. கனடாவின் சட்டம் 22-ஆவது பிரிவில் இரட்டை நோக்கத்தை ஏற்கிறது. அதிகாரி பார்ப்பது, அனுமதித்த காலம் முடியும்போது நீங்கள் சட்டப்படி வெளியேறுவீர்களா என்பது. ஆகவே ஆசையே இல்லை என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், அதையே முதன்மையாக எழுதவும் வேண்டாம். படிப்புக்குப் பிறகு அங்கே வேலை அனுமதி கிடைக்கும் என்பதுதான் உங்கள் மனக்கணக்கு என்றால், ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: 2024 நவம்பர் 1 முதல் கல்வி அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களில், பட்டம் அல்லாத கல்லூரிப் படிப்புகளை முடிப்பவர்களுக்கு, படிப்பு அரசின் துறைப் பட்டியலில் இருந்தால்தான் அந்த வேலை அனுமதி. உங்கள் படிப்பின் வகைப்பாட்டு எண்ணைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லை என்றால், 50 லட்சத்தின் கணக்கே மாறிவிடும்.

கல்லூரியை மாற்றுவதைப் பொறுத்தவரை, மறுப்புக் காரணம் எதிலும் கல்லூரியின் பெயர் இல்லை. மாற்றினால் கட்டணம் திரும்பப் பெறுவதில் நிர்வாகச் செலவு பிடித்தம், புதிய மாகாணச் சான்றுக் கடிதம், "ஏன் மாற்றினீர்கள்" என்ற புதிய கேள்வி ஆகியவை சேரும். ஏஜென்ட்டுக்கு வேண்டுமானால் புதிய சேர்க்கையில் கமிஷன் இருக்கும். அதே கல்லூரிக்கு எழுதி, அடுத்த சேர்க்கைப் பருவத்துக்குத் தள்ளிவைத்த அனுமதிக் கடிதமும், செல்லுபடியாகும் தேதியுள்ள மாகாணச் சான்றுக் கடிதமும் கேளுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் இரண்டும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கல்வி அனுமதி விண்ணப்பக் கட்டணம் 150 டாலர் மீண்டும் கட்ட வேண்டும். கைரேகைப் பதிவு பத்தாண்டு செல்லும் என்பதால் அதன் 85 டாலர் மீண்டும் வேண்டியிருக்காது.

இந்த முறை கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறந்து நீங்களே போடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு உதவுவோர் யாராக இருந்தாலும், கனடாவின் சட்டப்படி அங்கே உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும், பிரதிநிதியை அறிவிக்கும் IMM 5476 படிவத்தில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதில் பெயர் போட மறுக்கிறவருக்கு உங்கள் கோப்பில் கை வைக்க உரிமை இல்லை.

விளக்கக் கடிதத்தின் முதல் பத்தியில் பழைய விண்ணப்ப எண்ணையும் மறுப்புத் தேதியையும் எழுதுங்கள். அதன் பிறகு அதிகாரியின் குறிப்பிலுள்ள ஒவ்வொரு ஆட்சேபத்தையும் அவருடைய சொற்களிலேயே எடுத்தெழுதி, அதன் கீழே எது மாறியிருக்கிறது, எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்று சொல்லுங்கள். கிரயப் பதிவும் கடன் ஒப்புதலும் கைக்கு வர உங்களுக்கு இரண்டு மாதமாவது ஆகும். அந்தக் காலத்தில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முதல் மறுப்பை எதிர்த்துக் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்பதற்கான 60 நாள், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கோப்பில் அதிகாரி தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் அந்த வழியில் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன். ஆனால் குறிப்பு வந்த பிறகு, நீங்கள் கொடுத்த ஆவணம் ஒன்றையே அவர் பார்க்காமல் விட்டிருப்பது தெரிந்தால், அந்த 60 நாளுக்குள் ஓர் உரிமம் பெற்ற கனடிய வழக்கறிஞரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.